‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’: வீட்டு நகைக்கடையின் விதிகள் சொல்வதும் சொல்லாததும்

இரவுச் சாப்பாடு முடிந்த நேரம்தான் வாட்ஸ்அப் நகைக் குழுக்களில் கூட்டம் சேரும் நேரம். கெம்பு வைத்த அட்டிகை, மேட் ஃபினிஷ் ஹாரம், முத்துக் கோத்த ஜிமிக்கி என்று வரிசையாகப் படங்கள் வந்து விழும். “சிஸ், இது அவைலபிளா?” என்று ஒருவர் கேட்பார். “ஒரே பீஸ்தான் இருக்கு மா, வேணும்னா பே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் போடுங்க” என்று பதில் வரும். அதோடு, முன்பே தட்டச்சு செய்து வைத்திருக்கும் ஒரு நீண்ட செய்தியும் வந்து சேரும்.

அந்தச் செய்தி ஏறக்குறைய எல்லா விற்பனையாளரிடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் சிஓடி வசதி கிடையாது. கூரியர் செலவு தனி. அனுப்ப இரண்டு முதல் ஐந்து வேலை நாட்கள் ஆகும். பார்சல் திறக்கும் வீடியோ கட்டாயம். நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்.

வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் படிக்காமலே பணம் அனுப்பிவிடுகிறார்கள். படிக்க வேண்டிய செய்தி அது. ஆர்டர் கொடுப்பதிலிருந்து நகை கைக்கு வருவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது தவறலாம். தவறினால் நஷ்டம் யாருக்கு என்பதைத்தான் அந்த வரிகள் தீர்மானிக்கின்றன. நல்ல விற்பனையாளரின் விதிகளில் அந்த நஷ்டம் இரு பக்கமும் நியாயமாகப் பிரிந்திருக்கும். மோசமான விதிகள் எல்லாவற்றையும் வாங்குகிறவர் தலையில் கட்டும். அப்படிக் கட்டுவதைச் சட்டம் எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை.

பணத்திலிருந்து தொடங்கலாம். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பது பேராசை அல்ல. இந்தத் தொழிலில் பெரும்பாலானோரிடம் ஒரு வடிவத்தில் ஒன்றோ இரண்டோ நகைதான் கையிருப்பில் இருக்கும். சிதம்பரம் கவரிங் பட்டறையிலிருந்தோ, மும்பை, ராஜ்கோட் மொத்த வியாபாரியிடமிருந்தோ சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிவந்து, விற்ற காசில் அடுத்த சரக்கு எடுப்பவர்கள் இவர்கள். “எனக்கு எடுத்து வைங்கக்கா, சாயங்காலம் பே பண்றேன்” என்று சொன்னவர் மறுநாள் காணாமல் போனால், அதற்குள் கேட்ட இன்னொருவரையும் இழந்திருப்பார்கள். சிஓடி இன்னும் சிக்கல். வாசலில் வந்து நிற்கும் பார்சலை வேண்டாம் என்று ஒருவர் திருப்பிவிட்டால், போன கூரியர் செலவு விற்றவருடையது. தனியார் கூரியராக இருந்தால் திரும்பி வரும் செலவையும் பெரும்பாலும் அவரே கட்ட வேண்டும். நூற்றைம்பது ரூபாய் ஜிமிக்கியில் கிடைக்கும் லாபம் அதற்குத் தாங்காது.

ஆனால் முன்பணம் கேட்கும் விதியோடு இன்னொரு வரியும் இருக்க வேண்டும். ஒரே பீஸுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் பணம் போட்டுவிட்டால் என்ன ஆகும்? குழுவில் இது அடிக்கடி நடக்கும். முதலில் பணம் வந்தவருக்கு நகை, அடுத்தவருக்கு அன்றே முழுப் பணமும் திரும்ப, என்று எழுதியிருந்தால் அந்த விற்பனையாளர் யோசித்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். “பணத்துக்குப் பதில் வேறு நகை எடுத்துக்கொள்ளலாம்” என்று மட்டும் இருந்தால், ஆர்டர் கொடுக்கும் முன்பே அதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. இல்லாத பொருளுக்குக் கொடுத்த பணத்துக்கு வேண்டாத பொருளை வாங்கிக்கொள்ள யாரும் கட்டுப்பட்டவர் அல்ல.

ஸ்கிரீன்ஷாட் என்பதைப் பணம் வந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் விற்கிறவர்களைத்தான் முதலில் கவிழ்க்கிறது. ஜிபே, போன்பே திரையைப் போலவே போலிப் படம் தயாரிப்பது எளிது. பணம் வந்ததாகச் சொல்லும் குறுஞ்செய்தியையும் சாதாரண எண்ணிலிருந்து அனுப்பி ஏமாற்றுகிறார்கள். விவரம் தெரிந்த விற்பனையாளர் படத்தைப் பார்த்துவிட்டு நகையைக் கட்ட மாட்டார். தன் வங்கிக் கணக்கைத் திறந்து, யுபிஐ பரிவர்த்தனைக்குரிய பன்னிரண்டு இலக்க எண் அங்கே இருக்கிறதா என்று ஒப்பிட்ட பிறகுதான் முகவரி கேட்பார். இதில் சில நிமிடம் தாமதமானால் வாங்குகிறவர் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வேறு. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் திரையில் வங்கியில் பதிவான பெயர் தெரியும். இத்தனை நாள் பேசிய விற்பனையாளரின் பெயரும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், பணம் போடும் முன் காரணம் கேட்க வேண்டும். கணவர் கணக்கு, மகள் கணக்கு என்று நேர்மையான பதில் இருக்கலாம். கேட்டதும் ‘பிளாக்’ செய்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. வேறொருவரின் நகைப் படங்களை எடுத்துப் போட்டு, பணம் வாங்கியதும் மறையும் கணக்குகள் இன்ஸ்டாகிராமில் நிறைய. “இந்த நகையை உங்க கையில வச்சு, இன்றைய தேதி எழுதின சீட்டோட ஒரு படம் அனுப்புறீங்களா?” என்று கேட்பது அவர்களைப் பிரித்துக்காட்டும் எளிய வழி. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அந்த வேகம்தான் உதவும். பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி யாராவது யுபிஐ பின் எண்ணைப் போடச் சொன்னால், அது பணம் பறிக்கும் வேலை. பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

அடுத்தது ‘இரண்டு முதல் ஐந்து வேலை நாட்கள்’. இந்த வரிக்குப் பின்னால் வாங்குகிறவருக்குத் தெரியாத ஒரு சங்கிலி இருக்கிறது. வீட்டிலிருந்து நகை விற்கும் எல்லோரிடமும் நகை வீட்டில் இருப்பதில்லை. பலர் ரீசெல்லர்கள். மொத்த வியாபாரியின் குழுவில் வரும் படத்தை எடுத்து, தன் லாபத்தைச் சேர்த்து, தன் குழுவில் போடுவார்கள். ஆர்டர் வந்ததும் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டி, வாங்குகிறவரின் முகவரியைக் கொடுப்பார்கள். பார்சல் நேரே அங்கிருந்து போகும். அனுப்புநர் இடத்தில் மட்டும் ரீசெல்லரின் பெயர் இருக்கும். அந்த நகையை ரீசெல்லர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. எத்தனையோ பெண்கள் கையில் முதல் இல்லாமலே தொழில் தொடங்க இந்த வழிதான் உதவியிருக்கிறது. ஆனால் விதிகளில் இது தெரிய வேண்டும். ‘ரெடி ஸ்டாக்’ என்றால் வீட்டில் இருக்கிறது, நாளைக்கே கிளம்பும். ‘டைரக்ட் டிஸ்பேட்ச்’ என்றால் வேறு ஊரிலிருந்து வரும். ‘ப்ரீ ஆர்டர்’ என்றால் இனிமேல்தான் செய்ய வேண்டும், பதினைந்து இருபது நாள் ஆகலாம். கல்யாணத்துக்கு வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பவர்கள் இந்த மூன்றில் எது என்று கேட்காமல் பணம் போட்டுவிட்டுத்தான் முகூர்த்தத்துக்கு முதல் நாள் தவிக்கிறார்கள். தேதி முக்கியம் என்றால் அதை எழுத்தில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அதற்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

கூரியர் செலவு ஏன் ஒரு நகைக்கு அறுபதும் இன்னொன்றுக்கு நூற்றைம்பதும் ஆகிறது என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. நகையின் எடைக்கு மட்டும் அல்லாமல் பெட்டியின் இடத்துக்கும் கூரியர்காரர்கள் காசு வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது அவர்களிடம் பரவலாக இருக்கும் கணக்கு. கழுத்தை ஒட்டிய அட்டிகை செட்டுக்கு 20, 15, 8 சென்டிமீட்டர் பெட்டி போதும். கணக்கு அரைக் கிலோவுக்குள் அடங்கும். நீள ஹாரமும் ஒட்டியாணமும் மடங்காமல் போக 30, 25, 8 என்று பெட்டி வைத்தால், உள்ளே 300 கிராம்தான் இருந்தாலும் கணக்கில் 1.2 கிலோ ஆகிவிடும். ஆகவே ஒரே ஆர்டரில் இன்னொரு ஜிமிக்கியைச் சேர்த்தால் பெரும்பாலும் கூரியர் செலவு ஏறாது. அதைச் சொல்லும் விற்பனையாளரிடம் இரண்டாவது முறையும் வாங்கலாம்.

பார்சல் கிளம்பியதும் டிராக்கிங் எண் தர வேண்டும். ஸ்பீடு போஸ்ட் என்றால் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று பதின்மூன்று இடம் இருக்கும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், ‘ரிஜிஸ்டர் போஸ்ட் மட்டும்’ என்று பழைய விதியை இன்னும் வைத்திருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம். வழியில் பார்சல் தொலைந்தால் யார் பொறுப்பு? ‘கூரியரில் கொடுத்த பிறகு நாங்கள் பொறுப்பல்ல’ என்று சிலர் எழுதுகிறார்கள். கூரியர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் ரசீது வைத்திருப்பதும் விற்பவர். புகார் கொடுத்துப் பின்தொடர அவரால்தான் முடியும். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் வரி விதிகளில் இல்லை என்றால், விலை கூடிய செட்டுக்குக் காப்பீடு சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

இனி, அதிகச் சண்டை வரும் இடம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்துகிறது. ரசீதில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடு; குறிப்பிடாவிட்டால் 30 நாள். 2020-இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் விரிவாகச் சொல்கின்றன: பொருள் குறையுள்ளதாக, போலியாக, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாக இருந்தாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு மட்டும் இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. வீட்டில் இருந்த பழைய வளையலை எப்போதோ ஒருமுறை விற்பவரை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. தொழிலாக, தொடர்ந்து விற்பவர் ‘வீட்டிலிருந்துதானே செய்கிறேன்’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆக, ‘நோ ரிட்டர்ன்’ என்ற வரி எங்கே செல்லும்? நகை சொன்னபடியே வந்திருக்கிறது, ஆனால் மனசு மாறிவிட்டது, புடவைக்கு ஒத்துப்போகவில்லை, வேறு இடத்தில் விலை குறைவு என்றால் அங்கே செல்லும். மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் உரிமையை நம் சட்டம் பொதுவாகத் தரவில்லை. விற்பவர் விரும்பினால் தரலாம். காதில் போட்டுப் பார்த்த தோடு, ஜிமிக்கியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்பதும் சுகாதாரம் கருதிய நியாயமான விதி. கல் விழுந்த, திருகாணி பொருந்தாத, கேட்ட நிறம் மாறி வந்த நகைக்கு மட்டும் அந்த வரி செல்லாது. ‘லைட்டிங்கால் நிறம் சற்று மாறலாம்’ என்ற குறிப்பு மேட் தங்க நிறம் கொஞ்சம் மங்கித் தெரிவதற்குப் பொருந்தும். பச்சைக் கல் கேட்டவருக்குச் சிவப்புக் கல் வந்தால் அதில் வெளிச்சத்துக்கு என்ன வேலை?

‘பார்சல் திறக்கும் வீடியோ கட்டாயம்’ என்பது விற்பவர்கள் பட்ட அடியில் பிறந்த விதி. விசேஷத்துக்குப் போட்டு, கல்லை உதிர்த்துவிட்டு, “வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. எனவே வீடியோ கேட்பது சரி. முகவரிச் சீட்டும் ஒட்டிய டேப்பும் தெரியத் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல், ஒவ்வொரு நகையும் வெளியே வரும்வரை எடுக்க வேண்டும். ஆனால் சட்டத்தில் இப்படி ஒரு நிபந்தனை இல்லை. வீடியோ இல்லை என்பதற்காகவே குறையுள்ள நகையைத் திரும்ப வாங்க மறுத்தால், நுகர்வோர் ஆணையத்தில் மற்றச் சான்றுகளையும் பார்ப்பார்கள்: படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், எத்தனை மணிக்குத் தெரிவித்தார் என்பது.

வீடியோவைவிட நல்ல சாட்சி ஒன்று பார்சலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு நகையையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு மூடி, பிறகு பபிள் ஷீட்டில் சுற்றுகிறவர்கள் உண்டு. சங்கிலி சிக்காமல் இருக்க மட்டும் அல்ல அது. கூரியர் வண்டியில் குலுங்கி ஒரு கெம்புக் கல் கழன்றால், அது அந்தக் கவருக்குள்ளேயே கிடக்கும். 1,850 ரூபாய் அட்டிகை செட் ஒன்று வந்திருக்கிறது, பதக்கத்தில் ஒரு கல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மூடிய கவருக்குள் கல் கிடந்தால் வழியில் விழுந்தது. பசை கொண்டு ஒட்டித்தரலாம், அல்லது ஒட்டுவதற்கு ஆகும் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். கவருக்குள் கல்லே இல்லை என்றால், கட்டும் முன்பே விழுந்திருக்கிறது. அது முழுக்க விற்றவரின் கவனக்குறைவு. கவரையே திறந்து, போட்டுப் பார்த்து, இரண்டு நாள் கழித்துச் சொன்னால் எதையும் நிரூபிக்க முடியாது. எனவே கவரைத் திறக்கும் முன் வெளியிலிருந்தே நகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வாங்குகிறவருக்கு நல்லது. கட்டும்போது முப்பது விநாடி வீடியோ எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். வீடியோ கேட்கிறவர் வீடியோ தருவதுதான் முறை.

யார் பக்கமும் குறை இல்லாமலே தகராறு வரும் நகை ஒன்று உண்டு, வளையல். 2.4, 2.6, 2.8 என்று சொல்லப்படும் அளவுகள் தசம எண்கள் அல்ல. இரண்டு அங்குலமும் அதன்மேல் பதினாறில் இத்தனை பங்கும் என்பதுதான் அதன் பொருள். 2.4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 5.7 சென்டிமீட்டர். 2.6 என்றால் 6 சென்டிமீட்டர். 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 6.35 சென்டிமீட்டர்.

இது தெரியாத ஒருவர் தன் பழைய வளையலின் உள்விட்டத்தைக் கச்சிதமாகவே அளக்கிறார்: 6 சென்டிமீட்டர். அங்குலத்துக்கு மாற்ற 2.54-ஆல் வகுக்கிறார்: 2.36. ‘சரி, 2.4’ என்று ஆர்டர் கொடுக்கிறார். வருவது 5.7 சென்டிமீட்டர் வளையல். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. கை முட்டியைத் தாண்டாது. அவர் கேட்ட அளவைத்தான் விற்பனையாளர் அனுப்பியிருக்கிறார், நகையிலும் குறை இல்லை. ‘நோ ரிட்டர்ன்’ விதி இங்கே செல்லும். 480 ரூபாய் வளையல் செட் பெட்டியில் தூங்கும்.

விற்பவர் மாற்றித்தர மனம் வைத்தாலும், திருப்பி அனுப்ப அறுபது, மறுபடி அனுப்ப அறுபது என்று விலையில் கால் பங்கு கூரியருக்கே போய்விடும். அதைத் தவிர்க்க விதிகளில் ஒரே ஒரு வரி போதும்: ‘அளவு எண்ணைச் சொல்லாமல், உங்களுக்குச் சரியாக இருக்கும் வளையலை ஸ்கேல்மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், அளவை நாங்கள் சொல்கிறோம், நாங்கள் சொன்ன அளவு பொருந்தாவிட்டால் எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம்.’ அளவு சொல்லும் பொறுப்பு விவரம் தெரிந்தவர் கைக்குப் போய்விடுகிறது, தவறினால் செலவு யாருடையது என்பதும் முன்கூட்டியே தெளிவாகிவிடுகிறது.

பேசித் தீராத இடத்தில் முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அங்கே நடப்பது சமரச முயற்சி. உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. உத்தரவு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டம் இங்கே ஒரு பெரிய வசதி செய்திருக்கிறது. விற்றவர் ஈரோட்டில் இருந்தாலும், திருநெல்வேலியில் குடியிருக்கும் வாடிக்கையாளர் திருநெல்வேலி ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. புகாரோடு வைக்க வேண்டியவை பணம் கட்டிய விவரம், நகையின் படம், விலையும் தேதியும் பேசிய உரையாடல், விற்றவரின் பெயர், முகவரி. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு போன் எண்ணையும் ஒரு இன்ஸ்டாகிராம் பெயரையும் தவிர அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை. எனவே பணம் போடும் முன்பே, அனுப்புநர் முகவரியோடு ஒரு பில் வருமா என்று கேட்டுவிட வேண்டும். பார்சல் வந்ததும் மேலே ஒட்டிய சீட்டைக் கிழித்துப் போடாமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.